ஒரே டிடிஎச் இணைப்பு, இரண்டு அறைகளில் தொலைக்காட்சி: சிங்கப்பூரிலிருந்து ஊர் வீட்டுக்கு ஏற்பாடு செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரில் அப்பா அம்மா வீட்டில் ஒரு டிடிஎச் இணைப்பு இருக்கிறது. மாடி அறையில் இன்னொரு டிவி வைத்தால் அதே பெட்டி போதுமா?

இரண்டு தொலைக்காட்சிகளிலும் எப்போதும் ஒரே சேனல் ஓடினால் போதும் என்றால் ஒரு பெட்டியே போதும். கூடத்தில் அப்பா செய்தி பார்க்கும் நேரத்தில் அம்மா மாடியில் தொடர் பார்க்க வேண்டும் என்றால் போதாது. ஒரு செட்டாப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிரித்துத் தரும். அதிலிருந்து எத்தனை கம்பிகளை இழுத்தாலும் எல்லாத் திரைகளிலும் அந்த ஒரே சேனல்தான் வரும்.

வெவ்வேறு சேனல் பார்க்க மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது, அதே நிறுவனத்திடமிருந்து அதே கணக்கின் கீழ் வாங்கிய இரண்டாவது பெட்டி. அடுத்தது, டிஷ்ஷின் முன்கையில் இருந்து, செயற்கைக்கோள் அலைகளைப் பிடித்துக் கேபிளில் இறக்கும் எல்.என்.பி. என்ற கருவியில் இரண்டாவது வெளியீடு. மூன்றாவது, அந்த வெளியீட்டிலிருந்து மாடி அறைவரை நேராக வரும் தனிக் கேபிள். டிஷ் ஒன்றே போதும். இரண்டாவது டிஷ் மாட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். நம்மில் பலர் இந்த வேலையைச் சிங்கப்பூரில் இருந்தபடி தொலைபேசியில்தான் செய்து முடிக்கிறோம். அப்போது அந்த மூன்று பொருள்களில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் கண்ணில் படாமல் விட்டுப்போகின்றன.

டிஷ்ஷிலிருந்து வரும் ஒரே கேபிளை ஸ்பிளிட்டர் வைத்து இரண்டு பெட்டிகளுக்கும் பிரித்துக் கொடுத்தால் என்ன? கேபிள் டிவி இருந்தபோது அப்படித்தானே செய்தோம்?

கேபிள் தொலைக்காட்சியில் எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் வந்துகொண்டிருக்கும். தண்ணீர்க் குழாயைப் பிரிப்பதுபோல் அதை எத்தனை கிளைகளாகவும் பிரிக்கலாம். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் அப்படிப்பட்டதன்று. அதில் எந்த நேரத்திலும் மொத்தச் சேனல்களில் ஒரு பகுதிதான் இறங்கி வருகிறது. எந்தப் பகுதி வர வேண்டும் என்பதை முடிவு செய்வது கீழே இருக்கும் பெட்டி.

செயற்கைக்கோளிலிருந்து அலைகள் செங்குத்து, கிடைமட்டம் என்று இரண்டு வகையாக வருகின்றன. பெட்டியில் நீங்கள் ஒரு சேனலை மாற்றும்போது, அந்தச் சேனல் செங்குத்து அலையில் இருந்தால் பெட்டி 13 வோல்ட் மின்னழுத்தத்தையும், கிடைமட்ட அலையில் இருந்தால் 18 வோல்ட் மின்னழுத்தத்தையும் அதே கேபிள் வழியாக மேலே அனுப்புகிறது. எல்.என்.பி. அதைப் பார்த்து அந்த வகை அலையை மட்டும் கீழே இறக்குகிறது. எல்.என்.பி. இயங்குவதற்கான மின்சாரமும் அதுவேதான். பொதுப் பயன்பாட்டு எல்.என்.பி.களில் இதற்கும் மேலாக, அலைவரிசையின் மேல் பாதியா கீழ்ப் பாதியா என்று சொல்ல 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றும் மேலே போகும்.

இப்போது ஒரே கேபிளில் இரண்டு பெட்டிகளை ஸ்பிளிட்டர் வழியே சேர்த்தால், ஒன்று 13 வோல்ட் அனுப்புகிறது, மற்றொன்று 18 வோல்ட் அனுப்புகிறது. எல்.என்.பி.க்குத் தெரிவது பெரிய அழுத்தம்தான். ஆகவே கூடத்தில் கிடைமட்டச் சேனல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்வரை மாடியில் செங்குத்துச் சேனல் எதுவும் வராது. கூடத்தில் சேனலை மாற்றினால் மாடியில் திடீரென்று வரும். பெட்டிகள் இரண்டும் நல்லவைதான், டிஷ்ஷும் நன்றாகத்தான் நிற்கிறது; ஆனால் இருவர் ஒரே நேரத்தில் எதிரெதிர் கட்டளை கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

சந்தையில் கிடைக்கும் ஸ்பிளிட்டர்களில் பலவற்றில் ஒரு வாய் மட்டுமே மின்சாரத்தை மேலே விடும். அத்தகையதை வைத்தால் நோய் வேறு உருவத்தில் வரும்: கூடத்துப் பெட்டியின் சுவிட்சை அணைத்ததும் மாடித் தொலைக்காட்சி முழுவதும் இருண்டுவிடும். எல்.என்.பி.க்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது கூடத்துப் பெட்டி மட்டுமே என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் ஸ்பிளிட்டர்தான் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஓடுகிறதே?

பார்க்கும் சேனல்கள் எல்லாம் தற்செயலாக ஒரே வகை அலையில் இருந்தால் மாதக்கணக்கில் குறை தெரியாமல் ஓடும். ஒரு நாள் நிறுவனம் சேனல்களை இடம் மாற்றும், அல்லது அம்மா புதிதாக ஒரு சேனலைத் தேடுவார், அன்று தெரியும்.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. கேபிள் தொலைக்காட்சிக்கான பழைய ஸ்பிளிட்டரின் மேல் `5-1000 MHz` என்று பொறித்திருக்கும். டிஷ்ஷிலிருந்து கேபிளில் இறங்குவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகள். எனவே அந்தப் பழைய துண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் வெட்டிவிடும். கீழ்முனையில் இருக்கும் சில சேனல்கள் மட்டும் தட்டுத்தடுமாறி வரும். மாடியில் சில சேனல்கள் என்றுமே வருவதில்லை என்றால், யாரையாவது அந்தத் துண்டை எடுத்து மேல் எழுத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்படியானால் வேலைக்கு வருபவரிடம் சரியாக என்ன கேட்க வேண்டும்?

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஊர் வீடுகளின் அமைப்பு இதுதான். கீழே கூடம், மேலே ஓர் அறை, அதற்கு மேல் மொட்டை மாடியில் 60 சென்டிமீட்டர் டிஷ். டிஷ்ஷிலிருந்து கூடத்துப் பெட்டிக்குச் சுமார் 20 மீட்டர் கேபிள். மாடி அறை டிஷ்ஷுக்கு நேர் கீழே, 8 மீட்டருக்குள். இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்தவர், கூடத்துக்குப் போகும் கேபிளை மாடி அறைச் சன்னலருகே வெட்டி, அங்கே ஸ்பிளிட்டர் ஒன்றை வைத்து, இரண்டு பெட்டிகளிலும் படம் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்திய நேரம் இரவு எட்டு மணிக்கு, அதாவது எனக்கு இங்கே பத்தரை மணிக்கு, அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது: அப்பா செய்தி வைத்தால் தொடர் நின்றுவிடுகிறது, அவர் பாட்டுச் சேனலுக்குப் போனால் திரும்ப வருகிறது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி இரண்டு முறை பெட்டியையே மாற்றினார்கள். மூன்றாவது முறை நானே காணொளி அழைப்பில் மொட்டை மாடியைக் காட்டச் சொன்னபோதுதான், எல்.என்.பி.யிலிருந்து ஒரே ஒரு கேபிள் இறங்குவதைப் பார்த்தேன்.

திருத்தம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒற்றை வெளியீட்டு எல்.என்.பி.யைக் கழற்றி, இரண்டு வெளியீடு உள்ள எல்.என்.பி.யை மாட்டினார்கள். கடைகளிலும் வேலைக்காரர்களிடமும் ‘டூயல் எல்.என்.பி.’ அல்லது ‘ட்வின் எல்.என்.பி.’ என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் ஒவ்வொரு வாயும் தன் பெட்டியின் கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும். ஒரு பெட்டி அணைந்தாலும் மற்றதற்கு மின்சாரமும் அலையும் தடையின்றிக் கிடைக்கும். வெட்டிய பழைய கேபிளை ஒட்டுப்போடாமல் கூடத்துக்குப் புதிய கேபிள் முழுத் துண்டாக இழுக்கச் சொன்னேன். பழைய கேபிளின் மேல் துண்டு மாடி அறைக்கு அளவாக இருந்ததால் அது அங்கேயே பயன்பட்டது.

எனவே வேலைக்கு முன்பே தொலைபேசியில் இதைச் சொல்லிவிடுங்கள்: ‘இரண்டு வெளியீடு உள்ள எல்.என்.பி., மாடி அறைக்குத் தனியாக ஆர்.ஜி. 6 கேபிள், நடுவில் ஒட்டோ ஸ்பிளிட்டரோ கூடாது.’ இருபது முப்பது மீட்டர் வரை நல்ல ஆர்.ஜி. 6 கேபிளில் கவலையில்லை. எல்.என்.பி.யை மாற்றும்போது டிஷ் சற்று அசைந்துவிடலாம். ஆகவே மாற்றிய பிறகு பெட்டியின் அமைப்புப் பகுதியில் உள்ள `Signal Quality` அளவைப் பார்த்து, தேவையானால் டிஷ்ஷைத் திருப்பி மீண்டும் நேராக்கிவிட்டே இறங்க வேண்டும். `Signal Strength` மட்டும் உயரமாக இருப்பது போதாது, எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே அது ஓரளவு காட்டும்.

இரண்டாவது பெட்டிக்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டுமா? மாதம் எவ்வளவு கூடும்?

தனிக் கணக்கு தொடங்காதீர்கள். பலர் தெரியாமல் புதிய இணைப்பாகவே வாங்கி, இரண்டு முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லி, ‘மல்டி டிவி’ இணைப்பு, அதாவது அதே வீட்டில் கூடுதல் தொலைக்காட்சி, என்று கேட்க வேண்டும். அப்போது இரண்டு பெட்டிகளும் ஒரே கணக்கில் நிற்கும். ரீசார்ஜ் ஒருமுறை செய்தால் போதும்.

கட்டணத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, நெட்வொர்க் கட்டணம். மற்றொன்று, கட்டணச் சேனல்களின் விலை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2020 இல் திருத்திய விதிப்படி 200 சேனல்கள் வரைக்குமான நெட்வொர்க் கட்டணத்துக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதே வீட்டின் இரண்டாவது தொலைக்காட்சிக்கு அதில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. அந்தக் கணக்கில் இரண்டாவது தொலைக்காட்சிக்கு 52 ரூபாய். 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பை டிராய் நீக்கி, நிறுவனங்களின் முடிவுக்கே விட்டுவிட்டது. எனவே 52 ரூபாயை ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் நிறுவனம் இப்போது என்ன வாங்குகிறது என்று நேராகக் கேளுங்கள்.

சேனல்களின் விலை பெட்டிக்குப் பெட்டி தனி. இதில்தான் மிச்சம் பிடிக்க முடியும். முதல் பெட்டியில் இருக்கும் விளையாட்டு, ஆங்கிலச் செய்தி எல்லாவற்றையும் இரண்டாவது பெட்டியிலும் அப்படியே போட்டுவிடுவது விற்பவருக்கு எளிது. அம்மாவுக்கு அவை வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, அவர் பார்க்கும் தமிழ்ச் சேனல்களுக்கு மாதம் 60 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 52 உடன் சேர்த்து 112. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 20 ரூபாய் 16 காசு. ஆக 132 ரூபாய் 16 காசு. நம் பணத்தில் சில வெள்ளிதான். முதல் பெட்டியின் தொகுப்பையே இங்கும் போட்டிருந்தால் இதைவிட எவ்வளவோ கூடியிருக்கும். இலவசச் சேனல்களுக்குத் தனி விலை இல்லை என்பதால் அவற்றைக் குறைத்துப் பயன் இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: கணக்கில் பதிந்த கைபேசி எண் ஊரில் பெற்றோர் கையில் இருக்கும் இந்திய எண்ணாகவே இருக்கட்டும். சேனலை மாற்றவும் பெட்டியை இயக்கவும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் போகும். வேலை செய்ய வந்தவர் வாசலில் நிற்கும்போது நீங்கள் இங்கே தொடர்வண்டியில் இருப்பீர்கள்.

இரண்டு அறையிலும் ஒரே சேனல் போதும். பெட்டி வாங்காமல் செய்ய முடியாதா?

முடியும். பெரும்பாலான பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. வாயும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளுக்கான பழைய ஏ.வி. வாயும் ஒரே நேரத்தில் இயங்கும். கூடத்துத் தொலைக்காட்சிக்கு எச்.டி.எம்.ஐ., மற்றதற்கு ஏ.வி. கேபிள் என்று இழுத்துவிடலாம். ஏ.வி. வழியே எச்.டி. தெளிவு வராது, பழைய சிறு தொலைக்காட்சிக்கு அது போதும், பெரிய திரையில் மங்கலாகத் தெரியும்.

இரண்டிலும் தெளிவு வேண்டும் என்றால் எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வேண்டும். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கும். அதற்கு மேல் தூரம் என்றால் இணையக் கேபிள் வழியே அனுப்பும் எக்ஸ்டென்டர் வாங்க வேண்டும். சேனலை மாற்ற ஒவ்வொரு முறையும் கூடத்துக்கு இறங்க வேண்டும் என்பதால் ரிமோட்டின் ஒளியைக் கடத்தும் தனிக் கம்பியும் தேவைப்படும். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது பெட்டியே மலிவாகப் படுகிறது. வயதானவர்களைப் படியேறி இறங்க வைக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதிவு செய்யும் வசதியுள்ள பெட்டி வைத்திருக்கிறோம். அதற்கும் இதே கணக்குதானா?

ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிவு செய்யும் பெட்டிக்குள் இரண்டு ட்யூனர்கள் இருக்கும். அவற்றுக்கு டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள்கள் வந்திருக்கிறதா என்று பின்புறம் பாருங்கள். வந்திருந்தால், இரட்டை எல்.என்.பி.யின் இரண்டு வாய்களும் அந்த ஒரு பெட்டிக்கே போய்விட்டன. மாடி அறைக்கு மூன்றாவது வாய் வேண்டும், எனவே நான்கு வெளியீட்டு எல்.என்.பி.தான் வழி.

இரண்டாவது பெட்டியைத் தங்கை வீட்டிலோ சிங்கப்பூரில் எங்கள் வீட்டிலோ வைத்துக்கொள்ளலாமா?

தங்கை வீடு வேறு முகவரி என்றால் கூடாது. கூடுதல் தொலைக்காட்சிக்குக் கட்டணம் குறைப்பதே ஒரே வீடு என்ற அடிப்படையில்தான். கண்டுபிடித்தால் அந்தப் பெட்டியை நிறுத்திவிட முடியும். அங்கே தனி இணைப்பு எடுங்கள்.

சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டாம். இங்கே செயற்கைக்கோள் அலைகளைப் பிடிக்கும் டிஷ்ஷுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். சாதாரணக் குடும்பங்களுக்கு அது கிடைப்பதில்லை. வீவக வீட்டின் சன்னலுக்கு வெளியே டிஷ் மாட்டுவது பற்றி எண்ணவே வேண்டியதில்லை. அந்தச் சேனல்களைக் காட்டும் உரிமையும் இந்தியாவுக்கு மட்டுமே வாங்கப்பட்டது. இங்கே தமிழ்ச் சேனல்களுக்கு சிங்டெல், ஸ்டார்ஹப் போன்றவற்றின் கட்டணத் தொலைக்காட்சி இருக்கிறது. அங்கும் இரண்டாவது அறைக்கு இரண்டாவது பெட்டி கேட்க வேண்டும், ஆனால் அது கண்ணாடி இழை இணையத்தில் வருவதால் மேலே சொன்ன எல்.என்.பி. சிக்கல் எதுவும் இல்லை. ஊரில் டி2எச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்தச் சேனல்கள் இறங்கும் ST-2 செயற்கைக்கோள் சிங்டெல்லும் தைவானின் சுங்குவா டெலிகாமும் சேர்ந்து 2011 இல் ஏவியது.

மழை பெய்தால் மாடி டிவி மட்டும் போகிறது, கீழே ஓடுகிறது. ஏன்?

அடர்ந்த மழையில் படம் போய், மழை விட்ட சில நிமிடங்களில் திரும்பினால் அது இயல்பு. அப்போது இரண்டு தொலைக்காட்சிகளிலும் சேர்ந்தே போகும். ஒன்றில் மட்டும் போனால், அதுவும் வானம் வெளுத்து மணிக்கணக்கான பிறகும் வராமல் இருந்தால், அந்தக் கேபிளின் மேல்முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. முனையைக் கழற்றினால் உள்ளே செம்பு பச்சை பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். ஈரம் போன நீளத்தை வெட்டி, புதிய முனை போட்டு, ரப்பர் உறை மாட்டி, கேபிளை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

மழையே இல்லாமல் புதிய கேபிள் போட்ட அன்றே ஒரு அறையில் எதுவும் வரவில்லை என்றால் முனையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளிச்சுற்றின் மெல்லிய இழை ஒன்று நடுக் கம்பியைத் தொட்டாலே மின்சாரம் அங்கேயே குறுக்கிட்டு, எல்.என்.பி.க்குப் போகாது.

வேலை முடிந்தது என்கிறார். நான் இங்கிருந்து எப்படிச் சரிபார்ப்பது?

அவர் கிளம்பும் முன் காணொளி அழைப்பில் பத்து நிமிடம் கேளுங்கள். முதலில் மொட்டை மாடி: எல்.என்.பி.யிலிருந்து இரண்டு கேபிள்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். பிறகு கூடத்துப் பெட்டியைச் சுவரிலுள்ள சுவிட்சிலேயே அணைக்கச் சொல்லுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது, ஏனென்றால் உறக்க நிலையிலும் சில பெட்டிகள் மேலே மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கும். இப்போது மாடியில் அம்மாவின் சேனல்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து மாடியில் ஒரே சேனலை ஓடவிட்டு, ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க, கூடத்தில் மற்றவர் சேனல் எண்களை வரிசையாக மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். குறைந்தது முப்பது சேனல்களாவது மாற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டு வகை அலைகளும் தொடப்பட்டிருக்கும். மாடியில் படம் ஒருமுறைகூட உறையவோ கட்டம்கட்டமாக உடையவோ கூடாது. பிறகு அதையே தலைகீழாக, கூடத்தில் ஒரே சேனலும் மாடியில் மாற்றமுமாகச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அசையாமல் நின்றால் கையெழுத்துப் போடச் சொல்லலாம். ஒரு பக்கம் உடைந்தால் எங்கோ சுவருக்குப் பின்னால் ஸ்பிளிட்டர் இருக்கிறது, அதை எடுக்காமல் அவரை அனுப்பாதீர்கள்.